கடைசி நிமிடத்து உபதேசம்

கதை முழுக்க ஒன்றைக் காட்டிவிட்டு, கடைசி ஒரு நிமிடத்தில் அதற்கு நேர்மாறாகச் சொன்னால் சனம் எதை எடுத்துக்கொள்ளும்? கதையைத்தான். தாடிக்கொம்பில் சீரியல் பார்க்கிற எந்த அத்தையைக் கேட்டாலும் ‘இதுகூடவா தெரியாது?’ என்பார். சீரியல் மூலம் ஊரைத் திருத்தக் கிளம்புகிறவர்களுக்குத்தான் இது இன்னும் உறைக்கவில்லை.

1984 ஜூலையில் தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ தொடங்கியது. மெக்சிகோவின் மிகுவேல் சபிதோ வகுத்த முறையைப் பார்த்து, குடும்பக் கட்டுப்பாட்டையும் பெண்களின் நிலையையும் பேசவென்றே எடுத்த இந்தித் தொடர். எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து, அன்றைய கதையின் சாரத்தைச் சொல்லி யோசிக்கச் சொல்வார்.

அந்த வீட்டின் தாய் பகவந்தி. குடிகாரக் கணவன், ஓயாத ஏச்சு, எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்பவள். இப்படி அடங்கிக் கிடக்கக் கூடாது என்று காட்டத்தான் அவளைப் படைத்தார்கள். பிறகு அரவிந்த் சிங்காலும் எவரெட் ரோஜர்ஸும் பார்வையாளர்களிடம் ஆய்வு செய்தபோது, பலர் அவளையே பின்பற்ற வேண்டியவளாகச் சொன்னார்கள். அதில் பெண்களும் உண்டு.

‘மக்களுக்குப் புரியல’ என்று இதைத் தள்ளிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். பொறுமைக்குக் கூலியாகக் கதை அவளுக்கு நம் கண்ணீரையும் மரியாதையையும் கொடுத்தது. அப்படிப்பட்டவளை யார்தான் வேண்டாம் என்பார்கள்? நல்லவர், கெட்டவர் தவிர மூன்றாவதாக ஒருவர் வேண்டும் என்பது சபிதோவின் முறை: தயங்கி, சறுக்கி, மெல்ல மெல்ல மாறுகிற ஆள். பார்ப்பவர் கூடவே நடப்பது அவரோடுதான். பகவந்தி தயங்கவாவது தொடங்கியிருந்தால், அவளை நேசித்தவர்களும் கூடவே தயங்கியிருப்பார்கள். அந்த வேலையை அசோக் குமாரின் குரலால் செய்ய முடியாது.

சபிதோவின் ‘வென் கோன்மீகோ’ 1975இல் வந்தது. முதியோர் கல்விக்கான தொடர். வயதான காலத்தில் பாடம் படிக்க உட்காரும் சாதாரண ஆட்கள்தான் கதை. அதிலும் முடிவுரை உண்டு. ஆனால் அரசின் பாடப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும் என்று ஒரு நாள் அதில் சொன்னார்கள். மறுநாள் அங்கே சமாளிக்க முடியாத கூட்டம். ஆசையைக் கதை முன்பே மூட்டியிருந்தது, வழி மட்டும்தான் பாக்கி. புத்தகமும் தயாராக இருந்தது.

இன்றைக்கு நம் சீரியல்களில் குடிகாரன் ஆயிரம் எபிசோடுக்கு மனைவியை அழவைக்கிறான், கீழே ‘மது உடல்நலத்திற்குக் கேடு’ என்று எழுத்து ஓடுகிறது. அந்த எழுத்தை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு எபிசோடில் அந்த மனைவி அவனை இழுத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறட்டும். அரசு ஆஸ்பத்திரியில் எந்த அறை, என்றைக்குப் போகணும், முதல் நாள் என்ன கேட்பார்கள் என்று காட்டுங்கள். அவன் ஓடிப்போய் மறுபடி குடிக்கட்டும், அவள் மறுபடியும் கூட்டிப்போகட்டும். எங்கள் தெரு அதைப் பார்க்கும்.