போடியில் ஆள் இல்லையாம்

"போடியில் படித்த ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் மலைப்பக்கம் வரமாட்டான்." ஏலக்காய் வணிகர் கூட்டம் எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லிவிடுகிறார். பல வருடமாகக் கேட்டுச் சலித்துவிட்டது.

இவர்கள் தேடும் விதத்தைப் பாருங்கள். பூச்சிமருந்து எச்சத்தைப் பரிசோதிக்கத் தெரிந்த வேதியியலாளர் வேண்டும். லிங்க்ட்இன்னில் "Cardamom Quality Manager" என்று தட்டி, ஊர் இடத்தில் போடியைப் போடுகிறார்கள். ஒன்றும் வராது, எப்படி வரும்? அந்த வேலை பார்ப்பவர் தன்னை "Analyst" என்றுதான் எழுதியிருப்பார். இருப்பது கொச்சியிலோ தூத்துக்குடியிலோ. நறுமணப் பொருள் வாரியத்தின் தர ஆய்வகங்கள் அங்கே இருக்கின்றன. வாரியம் அந்த ஆய்வகங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயிற்சியாளர்களை எடுக்கிறது. காலம் முடிந்ததும் அவர்கள் தனியார் ஆய்வகங்களுக்குப் பிரிந்துபோகிறார்கள். வேலை தேடி விண்ணப்பிக்காத, ஆனால் நமக்கு வேண்டிய ஆட்கள் இவர்கள்தான். ஆகவே பதவிப் பெயரை விட்டுவிட்டு அவர்கள் கையாளும் கருவியைத் தேட வேண்டும். இப்போது இருக்கும் ஊரை விட்டுவிட்டுப் படித்த ஊரைத் தேட வேண்டும்:

```
("Spices Board" OR "pesticide residue" OR "LC-MS/MS")
AND (Bodinayakanur OR Bodinayakkanur OR "Cardamom Planters")
```

ஊர்ப்பெயரை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், அதனால் இரண்டும் வேண்டும். அதே அடைப்புக்குள் உள்ள மூன்றாவது சொல், இங்குள்ள ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரியில் படித்தவர்களைக் கொண்டுவரும். வெறும் "cardamom" என்று தேடினால் அதே கல்லூரியில் வணிகவியல் படித்து வங்கியில் இருப்பவரும் வந்து நிற்பார். வந்த பட்டியலில் பாதி வங்கிக்காரர்களாக இருந்தால் முதல் அடைப்புக்குள் இருப்பது விடுபட்டுவிட்டது என்று அர்த்தம். பட்டியல் மிகவும் சிறியதாக வந்தால் இரண்டாவது அடைப்புக்குள் Theni, Idukki இரண்டையும் சேர்க்கலாம். வேலை விவரமே எழுதாதவரை எந்தத் தேடலும் பிடிக்காது, அவரைத் தெரிந்தவர் மூலம்தான் பிடிக்க வேண்டும்.

மலைப்பக்கம் வரமாட்டான் என்பது சும்மா பேச்சு. கேட்ட விதம்தான் கோளாறு. "அருமையான வாய்ப்பு, உங்கள் பயோடேட்டாவை அனுப்பவும்" என்று நூறு பேருக்கு ஒரே வாசகத்தை அனுப்பினால், நல்ல வேலையில் இருப்பவர் எதற்காகப் பதில் போடுவார்? நான் அனுப்பச் சொல்வது இப்படி:

"வணக்கம். வாரிய ஆய்வகத்தில் எல்சி-எம்எஸ் கருவியில் எச்சப் பரிசோதனை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். போடியில் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம் சொந்தமாக ஆய்வகம் தொடங்குகிறது. அதை அமைத்து நடத்த ஒருவர் தேவை. சம்பளம் மாதம் இத்தனை முதல் இத்தனை வரை. ஊர்ப்பக்கம் திரும்பும் எண்ணம் உண்டா? இல்லை என்றாலும் ஒரு வரி போதும்."

அவருடைய வேலையைப் படித்துப் பார்த்த தடயம் முதல் வரியிலேயே இருக்கிறது. சம்பளம் மறைக்கப்படவில்லை. கேள்வி ஒன்றுதான், பயோடேட்டா கேட்கவில்லை. வாரம் ஒன்று கழித்து ஒரு நினைவூட்டல் போடலாம், அதற்கு மேல் தொந்தரவு. இத்தனை முதல் இத்தனை என்ற இடத்தில் தொகையை எழுத முதலாளி சம்மதிக்காவிட்டால், அந்தக் கடிதத்தை அனுப்பவே வேண்டாம்.