விருப்ப ஓய்வு: யாருடைய விருப்பம்?

விருப்ப ஓய்வு! பெயரைக் கேட்டால் தொழிலாளியே ஆசைப்பட்டு, "போதும் ஐயா, போய் வருகிறேன்" என்று விடைபெறுவதைப் போல இருக்கிறது. ஆலை வாசலில் ஒட்டப்படும் அறிவிப்பைப் பாருங்கள். முதல் வரியில் கண்ணைப் பறிக்கும் தொகை இருக்கும். கடைசி வரியில் "இந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுப்பவர்களுக்கு மட்டுமே" என்ற கெடு இருக்கும். நடுவிலுள்ள வரிகளைப் படிக்கத்தான் நேரம் தரமாட்டார்கள்.

2019-ம் ஆண்டு பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் இப்படி ஒரு திட்டம் வந்தது. நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை ஒரு மாத கெடு. 78,000-க்கும் மேற்பட்டோர் எழுதிக் கொடுத்து, 2020 ஜனவரி 31-ம் தேதியோடு வெளியேறினர். தனியார் ஆலைகளிலும் இது வாடிக்கையாகிவிட்டது. நாளை நம் வாசலுக்கும் வரலாம். வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

முதலில், நிர்வாகம் ஏன் பணம் தருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருணையினாலா? இல்லை, தோழர்களே! ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால் சட்டம் குறுக்கே நிற்கிறது. முன்னறிவிப்பு தர வேண்டும்; பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் நஷ்ட ஈடாகத் தர வேண்டும். பெரிய ஆலையானால் அரசின் முன் அனுமதியும் வேண்டும். 1947-ம் ஆண்டுச் சட்டத்தில் 100 தொழிலாளர் இருந்தாலே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதை 300 ஆக உயர்த்திவிட்டது. ஆனால் தொழிலாளி தானே விரும்பி ஓய்வு பெற்றால், சட்டத்தின் கண்ணில் அது ஆட்குறைப்பே அல்ல. அனுமதியும் வேண்டாம், வழக்கும் இல்லை. அந்த வசதியைத்தான் நிர்வாகம் விலை கொடுத்து வாங்குகிறது. விற்பவர் நீங்கள். விற்பவருக்கு விலை தெரிய வேண்டாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 50, ஓய்வு வயது 58, சேவை 24 ஆண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 20,000 ரூபாய். மற்ற படிகளும் சேர்ந்தால் 32,000. இப்படி ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். "கையெழுத்துப் போட்டால் ஏறத்தாழ 20 லட்சம்!" என்கிறார் அதிகாரி. இருபது லட்சம் என்றதும் யாருக்குத்தான் மனம் ஆடாது? அந்த இருபது லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள்.

சேமநல நிதியில் சேர்ந்திருப்பது 9 லட்சம். அது அவருடைய பணம். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 24 ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 2 லட்சத்து 77 ஆயிரம். அதுவும் சட்டப்படி அவருக்குச் சேர வேண்டியதே. சேர்த்து வைத்த விடுப்புக்கு 80 ஆயிரம். அதுவும் அவர் உழைத்து ஈட்டியது. இந்த மூன்றும், இன்று ராஜிநாமா செய்தாலும் கிடைக்கும். இவற்றைக் கழித்தால் மீதி 7 லட்சத்து 20 ஆயிரம். நிர்வாகம் புதிதாகத் தரும் விலை இவ்வளவுதான்!

இந்த 7 லட்சத்து 20 ஆயிரம் எப்படி வந்தது? "சேவை செய்த ஆண்டுக்கு 45 நாள் ஊதியம், அல்லது மீதியுள்ள மாதங்களின் ஊதியம், இவற்றில் எது குறைவோ அது" என்று திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். 24 ஆண்டுக்கு 45 நாள் வீதம் என்றால் 36 மாத ஊதியம். மீதியுள்ளது 8 ஆண்டு, அதாவது 96 மாதம். குறைவானது 36 மாதம். அதிலும் "ஊதியம்" என்பதற்கு அவர்கள் கொண்ட பொருள் 32,000 அல்ல, 20,000. ஆக, வீட்டுக்கு வரும் முழுச் சம்பளத்தோடு ஒப்பிட்டால், 96 மாத வருமானத்தை விட்டுக்கொடுத்து இருபத்திரண்டரை மாத வருமானம் வாங்குகிறார். வங்கியில் போட்டு நூற்றுக்கு 7 வட்டி வந்தாலும் மாதம் 4,200 ரூபாய். 32,000 வந்த வீட்டில் 4,200! திட்டத்துக்குத் திட்டம் இந்தச் சூத்திரம் மாறும். பி.எஸ்.என்.எல். திட்டத்தில் செய்த ஆண்டுக்கு 35 நாள், மீதி ஆண்டுக்கு 25 நாள் என்று இரண்டையும் கூட்டினார்கள். ஆகவே கூட்டுகிறார்களா, குறைவானதைத் தருகிறார்களா, எதை ஊதியம் என்கிறார்கள் என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது ஓய்வூதியம். சேமநல நிதியோடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் 58 வயதில்தான். 50 வயதிலேயே கேட்டால் தருவார்கள்; ஆனால் முன்கூட்டிக் கேட்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். எட்டு ஆண்டு முந்தினால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், அதுவும் ஆயுள் முழுவதும். எட்டு ஆண்டு சேவை குறைவதால் வரும் நஷ்டம் தனி.

இனி, காகிதத்தில் உள்ள ஒரு சொல்: "முழுமையான, இறுதியான தீர்வு." சம்பள ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது இதில் கையெழுத்துப் போட்டால், பின்னால் வரும் அரியர்ஸ் கிடைக்குமா? 2003-ல் உரத் தொழிற்சாலை ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: விருப்ப ஓய்வுப் பணத்தைப் பெற்றுச் சென்றவருக்கு நிறுவனத்தோடு உறவு முடிந்தது, பழைய காலத்துச் சம்பள உயர்வைக்கூடப் பிறகு கேட்க முடியாது. பாக்கி இருந்தால், "வரவிருக்கும் ஒப்பந்தத்தின் அரியர்ஸ் எனக்கும் உண்டு" என்ற வரி திட்டத்திலேயே இருக்க வேண்டும். மேலாளரின் வாய்ச்சொல் நீதிமன்றப் படி ஏறாது.

அவசரப்பட்டு எழுதிக் கொடுத்தவருக்கு மீட்சி உண்டா? 2000-ம் ஆண்டு வங்கிகளின் திட்டத்தைப் பற்றி 2002 டிசம்பரில் வந்த தீர்ப்பு ஒரு வழி காட்டுகிறது. அந்தத் திட்டம் வெறும் அழைப்பு. ஊழியர் எழுதிக் கொடுப்பதுதான் விண்ணப்பம். நிர்வாகம் ஏற்பதற்கு முன் அதைத் திரும்பப் பெறலாம் என்றது நீதிமன்றம். ஆனால் பணத்தில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. திட்டத்தின் வாசகத்தைப் பொறுத்து இதுவும் மாறும். மனம் மாறினால் அன்றே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். வங்கிக் கணக்கில் வந்த பணத்தைத் தொடக் கூடாது.

எல்லா விருப்ப ஓய்வும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. ஆர்டர் இல்லாமல் எந்திரம் நின்று, சம்பளமே தவணையில் வரும் ஆலையில், ஆட்குறைப்புக்குச் சட்டம் தரும் 15 நாளை விட 45 நாள் மேலானதே. ஓய்வுக்கு ஓராண்டு ஈராண்டே உள்ளவருக்கும், உடல் ஒத்துழைக்காதவருக்கும் கணக்கு வேறு. ஆனால் ஆலை ஓடுகிறது, அதே வேலைக்கு ஒப்பந்த ஆட்களை எடுக்கிறார்கள் என்றால், தேவையற்றது வேலையல்ல. நிரந்தரத் தொழிலாளிதான் என்று பொருள்!

அறிவிப்பு வந்தால் தனியாக மேலாளர் அறைக்குப் போகாதீர்கள். திட்டத்தின் முழுப் பிரதியையும், உங்கள் பெயருக்கான கணக்கையும் தனித்தனித் தலைப்பில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சங்க அலுவலகத்தில் அமர்ந்து, உங்கள் சொந்தப் பணத்தை முதலில் கழியுங்கள். மிஞ்சும் தொகைக்கு மீதமுள்ள மாதங்களைக் கொடுக்கத் தயாரா என்று வீட்டாரோடு பேசுங்கள். பிறகு பேனாவை எடுப்பதா வேண்டாமா என்பது உண்மையிலேயே உங்கள் விருப்பம்!