மாதச் சாப்பாடா, சொந்தச் சமையலா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்!

வீட்டை விட்டு வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் அம்மாக்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது, “சாப்பிட்டியாப்பா?” என்பதுதான். “சாப்பிட்டேம்மா” என்று பதில் வந்துவிடும். என்ன சாப்பிட்டார், அதற்கு எவ்வளவு ஆனது என்ற விவரம் மட்டும் வராது.

கோலா பிலாவில் தனியாக வாடகை வீட்டில் இருக்கும் என் நண்பர் ஒருவர் அந்த விவரத்தை எழுதியே வைத்திருக்கிறார். சொந்த ஊர் குளுவாங். கோலா பிலாவில் அலுவலக வேலை, 2,600 வெள்ளி சம்பளம். முதல் மாதம் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவரிடம் மாதச் சாப்பாடு எடுத்தார். அடுத்த மாதம் தானே சமைத்தார். இரண்டையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார். அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நம்மில் பலர் நினைப்பதற்கும் அதில் இருப்பதற்கும் கொஞ்சம் தூரம் இருக்கிறது.

முதலில் மாதச் சாப்பாடு. திங்கள் முதல் சனி வரை மதியமும் இரவும், மாதத்துக்கு 400 வெள்ளி, முன்பணம். 26 நாளுக்கு 52 வேளை. வகுத்துப் பார்த்தால் ஒரு வேளைக்கு 7 வெள்ளி 70 காசு. சோறு, குழம்பு, ஒரு கறி, ஒரு காய் எல்லாம் வீட்டு வாசலுக்கே வருகிறது என்றால் நல்ல விலைதான்.

ஆனால் நண்பர் 52 வேளையும் சாப்பிடவில்லை. இரண்டு வாரக் கடைசியில் குளுவாங் போய்விட்டார். சனிக்கிழமைக் கணக்கில் நான்கு வேளை போனது. சிரம்பானில் இரண்டு நாள் பயிற்சி. அதில் நான்கு வேளை. ஒரு கல்யாண விருந்து, ஒரு வேளை. இதற்கு மேல் மூன்று நாள் இரவுச் சாப்பாடு கெட்டுப்போய் குப்பைக்குப் போனது. ஆக, 12 வேளை வீண். வயிற்றுக்குள் போனது 40 வேளை. 400 வெள்ளியை நாற்பதால் வகுத்தால் ஒரு வேளைச் சாப்பாடு 10 வெள்ளி!

மாதச் சாப்பாட்டின் உண்மையான விலை விளம்பரத்தில் இருப்பது அல்ல. நீங்கள் உண்மையில் உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகளால் வகுத்த பிறகு வருவதுதான். முப்பது வேளைதான் சாப்பிட்டீர்கள் என்றால் அதே சாப்பாடு 13 வெள்ளியைத் தாண்டிவிடும்.

அந்த மூன்று இரவுச் சாப்பாடு ஏன் கெட்டது? இரண்டு வேளைச் சாப்பாடும் காலை பதினொன்றரைக்கே ஒன்றாக வந்துவிடும். நண்பர் இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுவார். நம் ஊர் வெயிலில் சமைத்த உணவு வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அதை நம்பக் கூடாது. தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பு முதலில் போகும். மேலே நுரை கட்டும், புளித்த வாடை வரும். சோற்றில்தான் ஆபத்து அதிகம். அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு வாடையில் தெரியாது, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எனவே மதியச் சாப்பாட்டை எடுக்கும்போதே இரவுச் சாப்பாட்டை குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மதியம் வீட்டுக்கு வர முடியாதவர்கள் இரவுக்குத் தனியாக மாலையில் கொண்டுவரச் சொல்வதே நல்லது.

இனி சொந்தச் சமையல். அதே நாற்பது வேளைக்கு நண்பர் செலவழித்ததைப் பாருங்கள். உள்ளூர் வெள்ளை அரிசி கிலோ 2 வெள்ளி 60 காசு என்ற கட்டுப்பாட்டு விலையில் ஐந்து கிலோ, 13 வெள்ளி. கோழி, மீன், முட்டை, பருப்பு எல்லாம் சேர்த்து 80. காய்கறி 60. வெங்காயம், தக்காளி, மிளகாய், பூண்டு 30. எண்ணெய், மசாலை, தேங்காய்ப்பால் 28. மொத்தம் 211 வெள்ளி.

எரிவாயு எவ்வளவு என்கிறீர்களா? இங்கேதான் பலர் பெரிதாகக் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். நம் நாட்டில் வீட்டு எரிவாயுவுக்கு அரசாங்க உதவித்தொகை உண்டு. கிலோ 1 வெள்ளி 90 காசு. 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி சேர்த்து முப்பது வெள்ளி என்று வையுங்கள். நண்பர் தோம்பு மாற்றிய தேதியை அதன் மேலேயே எழுதி வைக்கிறவர். தினமும் நாற்பது நிமிடம் போல ஒரு அடுப்பு எரிந்தால் ஒரு தோம்பு ஏறக்குறைய நான்கு மாதம் வருகிறது. ஆக மாதத்துக்கு 8 வெள்ளிதான். சோறு வேகும் மின்சாரச் சட்டிக்கு 3 வெள்ளிக்கு மேல் போகாது. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் 4 வெள்ளி.

தமிழ்நாட்டுக் காணொளிகளில் எரிவாயுவை மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி சொல்வார்கள். அவர்களுக்கு அது நியாயம். 2025-இல் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. நம் பணத்துக்கு 40 வெள்ளிக்கு மேல். நமக்கு எரிவாயு செலவுப் பட்டியலின் கடைசி வரி. அடுப்புச் சுடர் மஞ்சளாக எரிந்து சட்டியின் அடி கருத்தால் மட்டும் கவனியுங்கள். அடுப்பின் துளை அடைத்திருக்கிறது, எரிவாயு வீணாகிறது என்று அர்த்தம்.

ஆக சொந்தச் சமையலின் மொத்தம் 226 வெள்ளி. ஒரு வேளைக்கு 5 வெள்ளி 65 காசு. மாதச் சாப்பாட்டைவிட 174 வெள்ளி மிச்சம்.

“அப்புறம் என்ன, சமைத்துவிட வேண்டியதுதானே” என்று அவசரப்படாதீர்கள். நேரம் இருக்கிறது. நண்பர் தினமும் நறுக்கி, சமைத்து, கழுவி முடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. வாரம் ஒரு முறை சந்தைக்குப் போக ஒரு மணி நேரம். மாதத்துக்கு 26 மணி நேரம். 174 வெள்ளியை 26-ஆல் வகுத்தால், அவருடைய அடுப்படி அவருக்குக் கொடுத்த சம்பளம் மணிக்கு 6 வெள்ளி 70 காசு. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு!

ஆனால் இந்த ஒப்பீட்டிலும் ஒரு கண்ணி உண்டு. அந்த 26 மணி நேரத்தை வேறு எங்காவது விற்க முடிந்தால்தான் அதற்கு விலை. நண்பரின் சம்பளத்தை 26 நாளாலும் எட்டு மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 12 வெள்ளி 50 காசு. சட்டப்படி ஓவர்டைம் அதற்கு ஒன்றரை மடங்கு, 18 வெள்ளி 75 காசு. அலுவலகத்தில் ஓவர்டைம் தாராளமாகக் கிடைக்கிறது என்றால் வெங்காயம் நறுக்குவது நஷ்டம். மாதச் சாப்பாடே சரி. ஓவர்டைம் இல்லை, அந்த நேரத்தில் கைத்தொலைபேசியைத்தான் தடவிக்கொண்டிருப்பீர்கள் என்றால் 174 வெள்ளியும் முழு லாபம்.

சமையல் மாதத்தில் நண்பரைக் கடித்தது வேறொன்று. வாங்கியதில் 35 வெள்ளிப் பொருளைக் குப்பையில் போட்டிருக்கிறார். மாத எரிவாயுச் செலவைப் போல நான்கு மடங்கு! காரணம் எளிது. சந்தையில் எதுவும் ஓர் ஆளுக்கான அளவில் கட்டப்படுவதில்லை. கங்கோங் கீரை ஒரு கட்டு வாங்கினால் பாதிதான் ஒரு வேளைக்கு. மீதி இரண்டாம் நாள் வாடிவிடும். கறிவேப்பிலையில் ஒரு கொத்து சமையலுக்கு, நான்கு கொத்து குப்பைக்கு. தேங்காய்ப்பால் பெட்டியைத் திறந்தால் பாதி மிஞ்சும்.

மூன்றாம் மாதம் அவர் முறையை மாற்றினார். கீரையை அன்றே சமைப்பதற்கு மட்டும் வாங்கினார். வாரம் தாங்க முட்டைக்கோஸும் கேரட்டும். மிஞ்சிய தேங்காய்ப்பாலை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தார். ஞாயிறு இரண்டு மணி நேரம், புதன் ஒரு மணி நேரம் மொத்தமாகச் சமைத்தார். ஏன் இரண்டு நாள்? குளிர்ப்பெட்டியில் குழம்பு மூன்று, நான்கு நாள்தான் தாங்கும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு வெள்ளிவரை வராது. சமைத்ததைப் பெரிய சட்டியோடு வைக்காமல் தட்டையான டப்பாக்களில் பிரித்து, சூடு தணிந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்தார். மற்ற நாளில் சோறு பொங்கி, குழம்பைக் கொதிக்கவிடுவது மட்டுமே வேலை.

பலன்? வீணானது 25 வெள்ளி குறைந்து மொத்தச் செலவு 201 ஆனது. நேரம் 19 மணியாக இறங்கியது. மிச்சம் 199 வெள்ளி. மணிக்கு பத்து வெள்ளிக்கு மேல். இப்போது சமையல் குறைந்தபட்சச் சம்பளத்தை ஜெயித்துவிட்டது.

அதற்காக மாதச் சாப்பாடு கொடுக்கும் அக்காவைக் குறை சொல்ல முடியாது. நண்பர் ஒருநாள் காலையில் “இன்னைக்கு வேணாம்க்கா” என்றதற்கு அவர் சொன்ன பதில் இது: “தம்பி, நேத்து ராத்திரியே சொல்லியிருந்தா உன் மீனை வாங்காம விட்டிருப்பேன்ல?” காலையில் சொன்னால் அவருக்கு நஷ்டம், முதல் நாள் இரவே சொன்னால் இருவருக்கும் நஷ்டமில்லை. ஆகவே முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “முதல் நாள் ராத்திரி சொல்லிட்டா அந்த வேளையைக் கழிச்சுக்குவீங்களா?” வேளைக்கு ஐந்து வெள்ளி கழித்தாலும், நண்பர் ஊரில் இல்லாத ஒன்பது வேளைக்கு 45 வெள்ளி அடுத்த மாதத்துக்குக் கூடும். சோறு வேண்டாம், குழம்பும் காயும் மட்டும் போதும் என்றும் கேட்டுப் பாருங்கள். சோறு பொங்குவது வேலையே இல்லை. கெடுகிற கவலையும் குறையும்.

முடிவுக்கு வருவோம். ஒரு மாதம் நாள்காட்டியில், வீட்டில் சாப்பிட்ட வேளைக்கெல்லாம் ஒரு கோடு போடுங்கள். 52-க்கு ஐம்பதைத் தொட்டால், சமைப்பதால் மிஞ்சுவது வேளைக்கு இரண்டு வெள்ளி போலத்தான். மாதச் சாப்பாடே எடுங்கள், நேரமாவது மிஞ்சும். நாற்பதும் அதற்குக் கீழும் என்றால், கழிவு கொடுக்கும் இடத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் பற்ற வையுங்கள்.