ஞாயிறு இரவில் திரும்பும் மதிப்பெண்

ஒரு சின்னக் கதை. பொறியியல் கல்லூரி ஆய்வக உதவியாளர் ஒருவர், ஒரு மாணவியின் அகமதிப்பீட்டைக் கல்லூரித் தளத்தில் 14-இலிருந்து 41 ஆகத் திருத்துகிறார். இலக்கங்கள் இடம் மாறிய தட்டச்சுப் பிழை. திங்கள் காலை மறுபடியும் 14. யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று துறையில் முணுமுணுப்பு. சந்தேகம், வழக்கம்போல, கடைநிலை ஊழியர் மேல். உதவியாளர் வாதாடவில்லை. ‘கடைசியாக மாற்றிய நேரம்’ என்ன என்று பார்த்தார். வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரம்: ஞாயிறு இரவு 11 மணி. அடுத்த வாரம் ஒரு திருத்தத்தைக் கல்லூரித் தளத்தில் மட்டும் செய்தார். இன்னொன்றைத் துறையின் எக்செல் தாளிலும் செய்தார். திங்களன்று இரண்டாவது மட்டுமே நிலைத்திருந்தது. வாராந்திர ஒத்திசைவு, எது புதியது என்று பாராமல், தாளில் இருந்ததைத் தளத்தின்மேல் அப்படியே எழுதிக்கொண்டிருந்தது. இதைக் கணினிக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. நிரல் தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. மூலத்தை ஓரிடத்திலும் திருத்தும் அனுமதியை வேறிடத்திலும் வைத்தவர்களே பொறுப்பு. கல்லூரிகள் செய்ய வேண்டியது இதுதான்: திருத்தம் மூலத் தாளிலேயே நடக்கட்டும், ஒத்திசைவு எந்தெந்த மதிப்பெண்ணை மாற்றியது என்ற பட்டியல், பழைய எண்ணோடு சேர்த்து, ஒவ்வொரு திங்களும் துறைக்கு வரட்டும்.