லிங்க் கேட்டு மெயில் போட்டால் பதில் வருமா?

ஆழ்வார்பேட்டையில் காபித்தூள் அரைத்து விற்கும் ஒருவர், பிரபல உணவு வலைப்பதிவின் ஆசிரியருக்கு இப்படி மெயில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "இலவசமா ஒரு கட்டுரை தர்றேன். எங்க கடை லிங்க்கை மட்டும் போட்டுடுங்க."

பெரும்பாலும் பதில் வராது. லிங்க்குக்காக விருந்தினர் கட்டுரை எழுதும் காலம் முடிந்தது என்று, கூகுளில் ஸ்பேம் தடுப்பைக் கவனித்த மேட் கட்ஸ் 2014 ஜனவரியிலேயே எழுதிவிட்டார். காசுக்காகப் போடும் லிங்க்கில் `rel="sponsored"` என்று குறிக்கும் வசதியை 2019-ல் கூகுள் கொண்டுவந்தது. மறைத்துப் போட்டால், தேடலில் பின்னுக்குப் போகும் ஆபத்து அந்த வலைப்பதிவுக்கும் உண்டு. ஆசிரியர் ஏன் ரிஸ்க் எடுக்கணும்?

அதே வியாபாரி இப்படி எழுதியிருக்கலாம்:

"வணக்கம். காபி-சிக்கரி கலவையில் சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அளவை பாக்கெட்டில் அச்சிடணும். 20 சதவீதம், 40 சதவீதம் கலந்த தூள்களில் டிகாக்‌ஷன் இறக்கி, நிறம், கசப்பு, இறங்கும் நேரம் மூன்றையும் ஒப்பிட்டு, படங்களோடு 800 வார்த்தைகளில் எழுதித் தர்றேன். வேறெங்கும் வெளியாகாது. நான் காபித்தூள் வியாபாரி. கட்டுரைக்குள் கடைப் பெயர் வேண்டாம். கடைசியில் ஒரு வரி அறிமுகம் போதும்."

வாசகருக்கு என்ன கிடைக்கும், எழுதுவது யார், பதிலுக்கு என்ன கேட்கிறார் என்பது ஒரே நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. வியாபாரி என்பதை மறைத்துப் பின்னால் தெரிந்தால், ஆசிரியர் மேல் வாசகர் வைத்த நம்பிக்கையும் போய்விடும்.

இதனால் அடுத்த வாரமே ஆர்டர் குவியாது. அதுதான் வேண்டும் என்றால், நேர்மையாகக் காசு கொடுத்து விளம்பரம் போடுவதே சரி.