கடைசி நாளில் வரும் காய்ச்சல்

ஒரு வேலையை ஒப்புக்கொண்டு, சொன்ன தேதிக்குள் முடிக்க முடியாமல் தவிப்பவருக்கு நம் ஊரில் கிடைக்கும் அறிவுரை எல்லா இடத்திலும் ஒன்றுதான். முன்கூட்டியே போய்க் கேட்காதே, பேர் கெட்டுவிடும். கெடு முடிகிற நாள்வரை பொறு. கேட்டே ஆகவேண்டுமென்றால் யாரும் மறுக்க முடியாத பெரிய காரணமாகச் சொல். புதுத் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே, மாட்டிக்கொள்வாய். அனுபவசாலிகள் என்று பேரெடுத்த ஒப்பந்தக்காரர்களே இதைச் சொல்கிறார்கள். எந்தத் தட்டச்சுக் கடையில் போய் உட்கார்ந்தாலும் இதற்கேற்ற மாதிரிக் கடிதம் தயாராக இருக்கிறது: ‘தவிர்க்க முடியாத காரணங்களால் பணியைக் குறித்த காலத்தில் முடிக்க இயலவில்லை. ஐயா அவர்கள் கருணை கூர்ந்து கால அவகாசம் வழங்குமாறு பணிந்து வேண்டுகிறேன்.’ வேலை தெரியாதவர் எழுதினால் இதோடு காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும்.

இந்த அறிவுரை அடிமுதல் நுனிவரை தவறு. கடிதத்தைப் படிப்பவர் என்ன செய்யப்போகிறார் என்பதை யோசிக்காமல் சொன்னது அது.

அலுவலகத்துக்குள் போன கடிதத்தை முதலில் கையில் எடுப்பவர் அதிகாரி அல்ல, பிரிவு உதவியாளர். அவர் அதைக் கோப்பில் சேர்த்து ஒரு குறிப்பு எழுதவேண்டும்: பணி இன்னது, கெடு இன்ன தேதி, தாமதத்துக்குக் காரணம் இது, ஆதாரம் இது, கேட்கும் காலம் இவ்வளவு. அந்தக் குறிப்பின்மேல்தான் அதிகாரி கையெழுத்துப் போடுவார். இரண்டு வருஷம் கழித்துத் தணிக்கைக்காரர் வந்து, ‘அபராதம் பிடிக்காமல் ஏன் காலம் கொடுத்தீர்கள்?’ என்று கேட்டால் அதிகாரி காட்டக்கூடியதும் அது ஒன்றுதான். ‘தவிர்க்க முடியாத காரணங்கள்’ என்ற வரியை வைத்துக்கொண்டு உதவியாளர் என்ன குறிப்பு எழுதுவார்? கருணை உள்ள அதிகாரிக்குக்கூட அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மனம் இருந்தும் கை வராமல் கோப்பை ஓரமாக வைத்துவிடுகிறார். வெளியே நிற்பவர், ‘பார்த்தாயா, கேட்டால் கொடுக்கமாட்டார்கள்’ என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார்.

திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். இங்கே தாமதத்துக்குக் காரணம் தேடி அலையவேண்டியதில்லை. மாதம் தவறாமல் பௌர்ணமி வரும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பி வழியும், லாரி ஊருக்குள் நுழையாது. கார்த்திகையில் கொடியேற்றத்திலிருந்து மகா தீபம்வரை பத்து நாள் ஊர் தன் வசத்தில் இருக்காது. அதே காலத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும். ஆகவே ‘தீபக் கூட்டம்’, ‘மழை’ என்று இரண்டு சொல் எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் தீபம் என்றைக்கு என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே பஞ்சாங்கத்தில் இருந்தது. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்யும் என்பதும் புதுச் செய்தியல்ல. தெரிந்தே ஒப்புக்கொண்ட இடைஞ்சலைப் பின்னால் காரணமாகக் காட்டினால், படிக்கிற பொறியாளர் சிரிக்காமலிருந்தாலே பெரிய மரியாதை. கையெழுத்துப் போட்ட பிறகு எது மாறியது என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

2024-இல் மாறியது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் மழையில் டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மலையடிவார வீட்டின்மேல் பாறையும் மண்ணும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். டிசம்பர் 13 மகா தீபத்தன்று வழக்கத்துக்கு மாறாகப் பக்தர்களை மலையேறவும் விடவில்லை.

அந்த வாரத்தில் கிரிவலப் பாதையோரம் 200 மீட்டர் கான்கிரீட் வடிகால் கட்டும் ஒரு சிறு ஒப்பந்தக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். வேலை ஆணை செப்டம்பர் 16, கெடு 90 நாள், அதாவது டிசம்பர் 14. நாளுக்கு நான்கு மீட்டர் கான்கிரீட் போடுகிறார். நவம்பர் 29 மாலைவரை 180 மீட்டர் முடிந்திருக்கிறது. மீதி 20 மீட்டருக்கு ஐந்து நாள், அதாவது கொடியேற்றமான டிசம்பர் 4 அன்று முடிந்துவிடும். பிறகு ஏழு நாள் தண்ணீர் விட்டுப் பதப்படுத்தல், இரண்டு நாள் துப்புரவும் அளவெடுப்பும். 13-ஆம் தேதிக்குள் வேலை கைமாறியிருக்கும். திருவிழாவைக் கணக்கில் வைத்துப் போட்ட திட்டம்தான்.

நவம்பர் 30 முதல் மழை. பள்ளத்தில் தண்ணீர் நின்று கரை சரிகிறது. முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, கம்பி கட்டி வைத்திருந்த எட்டு மீட்டர் பாழாகிறது. தண்ணீர் வடிவதற்குள் கொடியேறிவிட்டது. கூட்டம் வரும் வழியில் பள்ளம் திறந்து கிடக்கக்கூடாது என்று மூடிவைக்கச் சொல்கிறார்கள். பௌர்ணமிக் கூட்டம் கலைந்து 17-ஆம் தேதிதான் மறுபடி கை வைக்கமுடியும்.

இப்போது தீபம் காரணமாகுமா? ஆகும். தனியாகச் சொன்னால் ஆகாது, மழையின் வாலாகச் சொன்னால் ஆகும். மழை இல்லாவிட்டால் இந்த வேலை திருவிழாவுக்குள் போய் மாட்டியிருக்காது என்பதைத் தேதி வாரியாகக் காட்டினால், முன்பே தெரிந்த இடைஞ்சல்கூட நியாயமான காரணமாகிவிடுகிறது. நிலச்சரிவை இவர் தொடவே கூடாது. வ.உ.சி. நகர் இவருடைய வேலை நடக்கும் இடமல்ல. அடுத்த வீட்டுச் சாவைத் தன் வடிகாலுக்குச் சாட்சி கூப்பிடுவது அசிங்கம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது இவருடைய பள்ளத்தில் எத்தனை நாள் வேலையை நிறுத்தியது என்று கேட்டால் பதில் கிடையாது. பெரிய காரணம் என்பதன் கோளாறே இதுதான். செய்தித்தாளில் எவ்வளவு பெரிதாக வந்தாலும் வேலைக் கணக்கில் அதற்கு நாள் இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

சொந்தக் குறையை என்ன செய்வது? அக்டோபரில் கொத்தனார் கூட்டம் வேறு வேலைக்குப் போனதால் மூன்று நாள் வீணானது என்று வைத்துக்கொள்வோம். அறிவுரைக்காரர்கள் ‘அதை ஏன் நாமே எழுதிக் கொடுக்கவேண்டும்?’ என்பார்கள். எழுதாவிட்டால் தெரியாதா? எம்.புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகத்தில் எந்தத் தேதிவரை எத்தனை மீட்டர் என்று உதவிப் பொறியாளர் எழுதி வைத்திருக்கிறார். மூன்று நாள் இடைவெளி அங்கே பளிச்சென்று தெரியும். மறைத்தால், மழைக் கணக்கையும் சந்தேகத்தோடு படிப்பார்கள். ‘அந்த மூன்று நாள் என் பொறுப்பு, அதற்குக் காலம் கேட்கவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் மீதிக் கணக்கு நிற்கும். ஒப்பந்தக்காரரின் பொறுப்பில் சேர்ந்த நாள்களுக்கு அபராதம் பிடிக்க இடமுண்டு என்பதும் உண்மைதான். அந்த மூன்று நாளுக்கு உரியது போகட்டும், மொத்தத் தாமதத்துக்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்வதைவிட இது மேல்.

அடுத்தது தேதி. அறிவுரைக்காரர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ‘சிறிது அவகாசம்’ என்பார்கள், மிஞ்சினால் ‘பதினைந்து நாள்’ என்பார்கள். நம் ஒப்பந்தக்காரர் பதினைந்து நாள் கேட்டால் டிசம்பர் 29 வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 17, 18 சேறு அள்ளலாம். மீதி 20 மீட்டர், பாழான எட்டு மீட்டரின் பலகையையும் கம்பியையும் திரும்பக் கட்டுவது, எல்லாம் சேர்த்து ஏழு நாள்: 25 வரை. கடைசியாகப் போட்ட கான்கிரீட்டுக்கு ஏழு நாள் தண்ணீர்: ஜனவரி 1. துப்புரவுக்கும் அளவெடுப்புக்கும் இரண்டு நாள்: ஜனவரி 3, வெள்ளி. ஒரு சின்ன இடைவெளி விட்டு ஜனவரி 6, திங்கள் என்று கேட்கலாம். 29 என்று எழுதியிருந்தால் கான்கிரீட் ஈரம் காயும் முன் இரண்டாவது கடிதம் போயிருக்கும். பேரைக் கெடுப்பது அந்த இரண்டாவது கடிதம்தான். தேதி எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து தேதி எழுதாதவர்கள்தான் மறுபடி மறுபடி கேட்டு மாட்டுகிறார்கள்.

எப்போது கேட்பது? இதில் நியாயம் பேசவே தேவையில்லை, விதியே இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில், தடை ஏற்பட்ட 14 நாளுக்குள் எழுத்தில் கேட்கவேண்டும், முடிந்தால் எத்தனை நாள் வேண்டும் என்பதையும் குறிக்கவேண்டும் என்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. உலகெங்கும் பெரிய கட்டுமானங்களுக்குப் பயன்படும் ஃபிடிக் ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில் 28 நாள், தவறினால் உரிமையே போய்விடும். இரண்டிலும் நாளை எண்ணுவது தடை ஏற்பட்டதிலிருந்து அல்லது அது தெரியவந்ததிலிருந்து. கெடு என்றைக்கு முடிகிறது என்பதை இதில் யாரும் பார்ப்பதில்லை. கடைசி நாள்வரை பொறு என்ற அறிவுரையைக் கேட்டவர் சில ஒப்பந்தங்களில் கேட்கும் தகுதியையே இழந்துவிடுகிறார். அவரவர் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்வது அவரவர் வேலை.

தாமதம் நீண்டுவிட்டால் உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு. நீதிமன்றத்திலேயே அப்படி இல்லை. பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி என்ற தமிழ்நாட்டு வழக்கில் 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் 1998-இல் மன்னித்தது. எத்தனை நாள் என்பதைவிட விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்றது. தாமதித்தவர் தன் வழக்கறிஞர்மேல் பழிபோட்டதோடு நிற்கவில்லை, அதற்காக நுகர்வோர் மன்றம்வரை போயிருந்தார்.

உண்மை எழுதினாலும் நடக்காத இடங்கள் உண்டு. இணையத்தில் ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கும் நேரம் முடிந்தால் முடிந்ததுதான். ஒருவருக்காகத் திறந்தால் மற்றவர்களுக்கு அநியாயம். ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம், அதற்குமேல் கொடுக்க அந்த அதிகாரிக்குச் சட்டம் இடம் தரவில்லை. அங்கே கண்ணீர்க் கடிதம் எழுதுவது காகிதத்துக்குக் கேடு.

நம் ஒப்பந்தக்காரர் டிசம்பர் 6 அன்று எழுதவேண்டிய கடிதம் நீளமானதல்ல:

‘பொருள்: கிரிவலப் பாதை வடிகால் பணி – கால நீட்டிப்பு கோருதல். பார்வை: தங்கள் 16.9.2024 நாளிட்ட பணி ஆணை. மேற்படி பணியில் 29.11.2024 வரை 180 மீட்டர் முடிந்துள்ளது. 30.11.2024 முதல் பெய்த மழையில் பள்ளம் சரிந்து, 8 மீட்டருக்குக் கட்டிய பலகையும் கம்பியும் சேதமடைந்தன. தேதியிட்ட படங்கள் இணைத்துள்ளேன். இதனால் திருவிழாவுக்கு முன் முடிய வேண்டிய கான்கிரீட் பணியை 17.12.2024 அன்றுதான் தொடர முடியும். மீதிப் பணியின் நாள்வாரி அட்டவணையும் இணைப்பில் உள்ளது. அக்டோபரில் ஆள் இல்லாமல் கழிந்த 3 நாள்கள் என் பொறுப்பு. கெடுவை 14.12.2024-இலிருந்து 6.1.2025 வரை நீட்டித்து ஆணையிடக் கோருகிறேன்.’

கருணை, பணிவு, காய்ச்சல் எதுவும் இதில் இல்லை. உதவியாளர் இதை அப்படியே குறிப்பாக எழுதிவிடலாம்.

கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளவேண்டும். ‘சரி, செய்யுங்க பார்த்துக்கலாம்’ என்று பொறியாளர் வாயால் சொன்னால் அதை நம்பி வீட்டுக்குப் போகக்கூடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, காலமே முக்கியம் என்றிருக்கும் ஒப்பந்தத்தில் தாமதமான வேலையை ஏற்றுக்கொண்டவர்கூட, ஏற்கும்போதே அறிவிப்புக் கொடுத்திருந்தால் இழப்பீடு கேட்கலாம். அபராதம் இல்லாமல் காலம் நீட்டிக்கப்பட்டதா, அபராதம் பிடிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு நீட்டிக்கப்பட்டதா என்பது ஆணையில் ஒரே வரியாக இருக்கும். இறுதிப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படிக்கவேண்டும்.