தூபம் ஒரு நிமிடம், புகை முக்கால் மணி

பூஜையில் பஞ்சோபசாரம் செய்வோரும் ஷோடசோபசாரம் செய்வோரும் தூபத்தை விடுவதில்லை. மணியை ஒலித்துத் தூபம் காட்டி, அடுத்து தீபத்திற்குச் செல்வதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால், ஏற்றி வைத்த ஊதுவத்தி அத்துடன் நின்றுவிடுவதில்லை. அது தன் நீளத்திற்கேற்ப அரை மணி முதல் முக்கால் மணி வரை எரிகிறது. இறைவனுக்குக் காட்டியது ஒரு நிமிடத்துப் புகை. மீதமெல்லாம் வீட்டில் இருப்பவர்களின் மூச்சில்தான் சேர்கிறது.

மூங்கில் குச்சியின்மீது கரித்தூளும் மரத்தூளும் பசைத்தூளும் பூசி, வாசனை ஏற்றியதே ஊதுவத்தி. அது சுடர்விட்டு எரிவதில்லை, கனன்று புகைகிறது. அவ்வாறு கனலும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் மிகுதியாக வெளிவரும். ஒரு கிராம் ஊதுவத்தி ஏறத்தாழ 45 மில்லிகிராம் துகளையும், ஒரு கிராம் சிகரெட் 10 மில்லிகிராம் துகளையும் வெளியிடும் என்று 2008ஆம் ஆண்டு வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை குறிப்பிடுகிறது. சிகரெட் புகை நேராக நுரையீரலுக்குள் இழுக்கப்படுகிறது. ஊதுவத்திப் புகையோ அறையில் பரவிக் கலைகிறது. ஆகவே இரண்டும் ஒரே தீங்கு என்று கொள்வது தவறு. ஆயினும், சன்னல் மூடிய சிறு கூடத்தில் அது கலைவதற்கு இடமேது? 'மூலிகை', 'இயற்கை' என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், எரிவது எதுவாயினும் புகை புகைதான்.

இரண்டு அறைகள் கொண்ட ஓர் அடுக்ககக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். கூடத்துச் சுவரில் பூஜை அலமாரி. பாட்டனாருக்கு ஆஸ்துமா. பிரசவத்திற்கு வந்த மகளும் மூன்று மாதக் குழந்தையும் அங்கேயே இருக்கின்றனர். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு ஊதுவத்திகள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. மின்விசிறி சுழல்வதால் புகை போய்விடும் என்று பாட்டியார் நம்புகிறார். மின்விசிறி புகையை வெளியேற்றுவதில்லை; மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்க்கிறது. புகை வெளியேற எதிரெதிரான இரு சன்னல்களோ, சமையலறையின் எக்ஸாஸ்ட் விசிறியோ வேண்டும்.

இவ்வீட்டில் செய்யத்தக்கது எளியது. பூஜைக்கு முன்பே ஒரே ஓர் ஊதுவத்தியை எடுத்து, பூச்சு ஓர் அங்குலம் மட்டும் எஞ்சுமாறு மேற்பகுதியை ஒடித்துவிட வேண்டும். அது ஐந்தாறு நிமிடங்களில் தானே அணைந்துவிடும். நிவேதித்ததை நடுவில் அணைப்பதா என்ற மனக்குறையும் எழாது. ஒடித்த பகுதியை மறுநாளைக்கு மணல் நிரப்பிய கிண்ணத்தில் நட்டுக்கொள்ளலாம். சன்னலருகே ஏற்றி, குழந்தையை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தி, மணம் நீங்கிய பின்னரே கூடத்திற்குக் கொண்டுவர வேண்டும். மூச்சிரைப்பு மிகுந்த நாள்களில் தூபத்தையே விட்டுவிடலாம். ஓர் உபசாரத்திற்குரிய பொருள் இல்லாதபோது அதன் பொருட்டு அக்ஷதை சமர்ப்பிக்கும் வழக்கம் பூஜை முறையிலேயே உள்ளதல்லவா?

பாட்டனாருக்குப் புகை ஒவ்வாததா என்பதை நாட்காட்டியைக் கொண்டே அறியலாம். இரண்டு வாரங்கள் வழக்கம்போல் ஏற்றி, இரவு இருமிய நாள்களையும் இன்ஹேலரை எத்தனை முறை பயன்படுத்தினார் என்பதையும் குறிக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரங்கள் ஏற்றாமல் அதேபோல் குறிக்க வேண்டும். இரு கணக்குகளையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பனிக்காலம், சளி போன்றவை கணக்கைக் குழப்பக்கூடும். ஐயமிருப்பின் மீண்டும் ஒருமுறை செய்து பார்த்து, அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டலாம். மருத்துவர் கூறிய மருந்தை மட்டும் எக்காலத்தும் நிறுத்தலாகாது.

குழந்தையின் நிலை வேறு. பெரியவர் நிமிடத்திற்குப் பதினைந்து முறை மூச்சு விட்டால், சிசு நாற்பது முறை விடுகிறது; மூச்சுக்குழாயோ மிகக் குறுகியது. எண்ணெய்க் குளியலுக்குப் பின் சாம்பிராணிப் புகையில் சிசுவின் தலையைக் காட்டும் பழக்கம் பல இல்லங்களில் இன்றும் தொடர்கிறது. ஈரத்தலையை உலர்த்தவே அது தோன்றியிருக்க வேண்டும். அதற்கு உலர்ந்த மெல்லிய துண்டு போதும். சாம்பிராணிக்கு மூட்டும் கரி நெருப்பு, மூடிய அறையில் மணமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவையும் வெளியிடுவதால், ஊதுவத்தியைவிட இதுவே அதிகம் அஞ்சத்தக்கது.

மூன்று மாதக் குழந்தை அமைதியாக இருக்கையில் ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்து மூச்சு ஐம்பதை எட்டினாலோ, இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு அறுபதை எட்டினாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், மூக்குத் துவாரங்கள் விரிந்தாலும், பால் குடிக்க இயலாமல் திணறினாலும், உதடு நீலம் பாரித்தாலும் எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.